∫ (1/x) dx: பூச்சியத்தின் இருபுறமும் ஒரே C தான் இருக்க வேண்டுமா?

பரங்கிமலை_முதலாண்டு

அனைவருக்கும் வணக்கம். நான் சென்னையில் ஒரு கல்லூரியில் இளநிலைக் கணிதம் முதலாண்டு படிக்கும் மாணவி. சென்ற வாரம் எங்களுக்கு நடந்த உள்தேர்வில் வந்த ஒரு கணக்கு என் மனத்தை விட்டு இன்னும் போகவில்லை. கணக்கு இதுதான்: dy/dx = 1/x, y(1) = 2, y(−1) = 5 எனில், y(e), y(−e) ஆகியவற்றைக் காண்க.

பதினோராம் வகுப்பிலிருந்து பழகிய முறைப்படி y = ln|x| + C என்று எழுதினேன். x = 1 என்று இட்டால் C = 2 வருகிறது; x = −1 என்று இட்டால் C = 5 வருகிறது. ஒரே மாறிலிக்கு இரண்டு மதிப்புகள் வந்ததால், "இவ்விரு நிபந்தனைகளையும் நிறைவு செய்யும் சார்பு எதுவும் இல்லை" என்று எழுதி முடித்துவிட்டேன். விடைத்தாளில் அந்த வரி முழுவதும் அடிக்கப்பட்டு, ஓரத்தில் "இருபுறமும் ஒரே C என்று யார் சொன்னது?" என்று எழுதியிருந்தது. பரங்கிமலையில் மின்சார ரயில் ஏறியது முதல் கடற்கரை நிலையம் வரை அந்தக் கேள்வியைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். |x| எதற்காக வருகிறது என்பதே எனக்கு உண்மையில் விளங்கவில்லை என்றும் அப்போதுதான் தெரிந்தது. விளக்க முடியுமா?

கிண்டி_இயந்திரவியல்

|x| எதற்காக என்பதற்கு விடை எளிது. x எதிர்ம எண்ணாக இருக்கும்போது ln x என்பதற்கு மெய்யெண்களில் பொருள் இல்லை. ஆனால் 1/x க்குப் பொருள் உண்டு. ஆகவே எதிர்மப் பக்கத்தில் எதை வகையிட்டால் 1/x கிடைக்கும் என்று தேட வேண்டும். ln(−x) ஐ வகையிட்டுப் பாருங்கள். சங்கிலி விதிப்படி முதலில் 1/(−x) வரும், உள்ளே இருக்கும் −x இன் வகைக்கெழுவான −1 அதோடு பெருக்கப்படும், இரண்டு எதிர்மக் குறிகளும் நீங்கி 1/x நிற்கும். x > 0 எனில் ln x, x < 0 எனில் ln(−x). இவ்விரண்டையும் சேர்த்து எழுதும் சுருக்கம்தான் ln|x|.

ஆனால் மாறிலியைப் பொறுத்தவரை நீங்கள் எழுதியது சரி என்பதே என் கருத்து. y = ln|x| இன் வரைபடத்தை வரைந்தால், இடப்பக்கம் வலப்பக்கத்தின் கண்ணாடிப் பிம்பமாக இருக்கும். d(−x)/(−x) என்பதும் dx/x என்பதும் ஒன்றே என்பதால் ln(−x) உம் ln x உம் ஒரே இயல்புடையவை. இவ்வளவு சமச்சீரான ஒன்றில் ஒரு பக்கத்தை 2 அலகும் மறுபக்கத்தை 5 அலகும் உயர்த்துவதற்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. கணக்கைக் கொடுத்தவர்தான் தவறு செய்திருக்கிறார்.

பெரம்பூர்_ஆய்வகம்

நான் இயற்பியல் ஆய்வகத்தில் பணி செய்பவன். இது எனக்கு நன்கு பழகிய இடம் என்பதால் சொல்கிறேன். அறை வெப்பநிலை 32 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். மேசையில் 80 டிகிரியில் ஒரு டம்ளர் காபியும், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த 8 டிகிரி நீர்மோர் ஒரு டம்ளரும் இருக்கின்றன. நியூட்டனின் குளிர்தல் விதிப்படி dT/dt = −k(T − 32). பிரித்துத் தொகையிட்டால் ln|T − 32| = −kt + C.

காபிக்குத் தொடக்கத்தில் T − 32 = 48; எனவே C = ln 48. மோருக்கு T − 32 = −24. இங்கே மட்டுக் குறி இல்லாமல் எழுதும் மாணவர்கள் ln(−24) என்று வந்ததும் திகைத்து நின்றுவிடுவார்கள். மட்டுக் குறி இருந்தால் C = ln 24. காபி பத்து நிமிடத்தில் 56 டிகிரிக்கு வந்தால், அறையோடு உள்ள வேறுபாடு 48 இலிருந்து 24 ஆக, அதாவது பாதியாகிறது. மோருக்கும் அதே k என்று கொண்டால் அதன் வேறுபாடும் பத்து நிமிடத்தில் பாதியாகி, அது 20 டிகிரிக்கு வந்திருக்கும். ஆக, 32 க்கு மேலே ஒரு மாறிலி, கீழே ஒரு மாறிலி. கேள்விக்கு விடை இதுதானே?

மாடவீதி_ஆசிரியை

பெரம்பூர் நண்பரின் எடுத்துக்காட்டு மட்டுக் குறி ஏன் தேவை என்பதை மிக நன்றாகக் காட்டுகிறது. ஆனால் மாணவி கேட்ட இரண்டாவது கேள்வியை அது தொடவில்லை. காபியும் மோரும் இரண்டு தனிப் பொருள்கள், இரண்டு தனிக் கணக்குகள். இரண்டும் 32 க்கு மேலேயே இருந்தாலும், 80 டிகிரி காபிக்கும் 60 டிகிரி காபிக்கும் இரு வேறு மாறிலிகள் வந்தே இருக்கும். மாணவியின் ஐயமோ ஒரே சார்பைப் பற்றியது: ஒரே y, ஆனால் இரண்டு மாறிலிகள்.

கிண்டி நண்பரே, நீங்கள் சொன்ன வாதம் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுந்தது. 1712, 1713 ஆண்டுகளில் லைப்னிட்சும் யோகான் பெர்னூலியும் எதிர்ம எண்களின் மடக்கை பற்றிக் கடிதங்களில் வாதாடிக்கொண்டிருந்தபோது, பெர்னூலி ஏறக்குறைய உங்கள் வரியையே எழுதினார். −x ஐ வைத்தாலும் x ஐ வைத்தாலும் நுண்மாற்றம் dx/x தான். ஆகவே இரண்டின் மடக்கையும் சமம் என்பது அவர் முடிவு. 1749 இல் ஆய்லர் அந்த வாதத்தின் ஓட்டையைச் சுட்டினார். இரண்டு சார்புகளின் வகைக்கெழுக்கள் சமம் என்பதால் அச்சார்புகள் சமமாகிவிடுவதில்லை, அவை ஒரு மாறிலியால் வேறுபடலாம் என்றார். வரைபடம் சமச்சீராக இருப்பது நாம் தேர்ந்தெடுத்த வடிவத்தின் பண்பு. dy/dx = 1/x என்ற நிபந்தனை சாய்வைப் பற்றி மட்டுமே பேசுகிறது; உயரத்தைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்வதில்லை.

இப்போது மாணவிக்கு. "+ C" என்று நாம் எழுதும் உரிமை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். F, G இரண்டிற்கும் ஒரே வகைக்கெழு என்றால், H = F − G இன் வகைக்கெழு எங்கும் பூச்சியம். அதிலிருந்து H ஒரு மாறிலி என்று முடிவு கட்டுவதற்குச் சராசரி மதிப்புத் தேற்றத்தை நாடுகிறோம்: a, b என்ற இரு புள்ளிகளுக்கு இடையே ஏதோ ஒரு c இல் H(b) − H(a) = H′(c)(b − a). வலப்பக்கம் பூச்சியம், எனவே H(a) = H(b). ஆனால் அந்தத் தேற்றம் a முதல் b வரை இடையில் எங்கும் அறுபடாமல் H தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று கேட்கிறது. a = 3, b = 7 என்றால் நிபந்தனை நிறைவேறுகிறது; a = −7, b = −3 என்றாலும் அப்படியே. a = −1, b = 1 என்றால் நடுவில் 0 நிற்கிறது; அங்கே 1/x ம் இல்லை, F ம் இல்லை, G ம் இல்லை, ஆகவே H ம் இல்லை. தேற்றம் அந்த இடத்தில் நம்மைக் கைவிடுகிறது. x/|x| என்ற சார்பை எண்ணிப் பாருங்கள். வலப்பக்கம் முழுவதும் 1, இடப்பக்கம் முழுவதும் −1, இருக்கும் இடமெல்லாம் வகைக்கெழு 0. ஆயினும் அது மாறிலி அன்று.

எனவே முழு விடை, x > 0 எனில் ln x + C₁, x < 0 எனில் ln(−x) + C₂. உங்கள் தேர்வுக் கணக்கில் C₁ = 2, C₂ = 5. y(e) = 3, y(−e) = 6. இரண்டு நிபந்தனைகளும் முரண்படவே இல்லை. ஒவ்வொன்றும் தன் தன் பக்கத்தின் மாறிலியைத் தீர்மானிக்கிறது.

மட்டக்கோல்

நான் நில அளவைத் தொழிலில் இருப்பவன். பட்டயப் படிப்பில் கற்றதற்குப் பிறகு தொகையிடலை அதிகம் தொட்டதில்லை. ஆனால் ஆசிரியை அம்மா சொல்வதைப் படித்தபோது எங்கள் வேலையே நினைவுக்கு வந்தது. அடையாற்றின் ஒரு கரையில் நின்று தரையின் ஏற்ற இறக்கத்தை அடிக்கு அடி அளந்துவிட்டேன் என்றாலும், ஒரு பெஞ்ச் மார்க் கல்லோடு இணைக்காத வரையில் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று சொல்ல முடியாது. அந்தக் கரையில் ஒரு கல் இருந்தால் அந்தக் கரை முழுவதற்கும் அது போதும். எதிர்க்கரைக்கு அளவைக் கொண்டுபோக வழியே இல்லை என்றால், அங்கே இன்னொரு கல் தேவைப்படும். இங்கே y(1) = 2 ஒரு கல், y(−1) = 5 மற்றொரு கல். இப்படிப் புரிந்துகொள்வது சரியா?

மாடவீதி_ஆசிரியை

மிகச் சரி. இனி வகுப்பில் இதையே சொல்வேன். ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். ஆற்றின் இரு கரைக்கும் உண்மையில் கடல்மட்டம் பொது. கருவி எட்டாததால்தான் தனிக் கல் தேவைப்படுகிறது. 1/x க்கோ இரு பக்கத்திற்கும் பொதுவான மட்டம் என்று ஒன்று இல்லவே இல்லை.

கிண்டி_இயந்திரவியல்

வகைக்கெழு உயரத்தைச் சொல்லாது என்பதை ஏற்கிறேன். கணக்குத் தவறு என்று நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஒன்று இன்னும் உறுத்துகிறது. நடைமுறையில் நாங்கள் −1 முதல் 2 வரை தொகையிட்டு, ln|2| − ln|−1| = ln 2 என்று எழுதுகிறோம். வலப்பக்கத்தில் 0 முதல் 1 வரை உள்ள பரப்பும் இடப்பக்கத்தில் −1 முதல் 0 வரை உள்ள பரப்பும் எதிரெதிர்க் குறியோடு அடித்துக்கொள்கின்றன, 1 முதல் 2 வரை உள்ளது மட்டும் மிஞ்சுகிறது. ஒரே மாறிலி என்று கொண்டதால்தானே இந்த அழகான விடை வந்தது?

மாடவீதி_ஆசிரியை

இரண்டு மாறிலிகளை மறந்தால் எங்கே சேதம் வரும் என்பதற்கு நீங்களே ஓர் எடுத்துக்காட்டைக் கொடுத்துவிட்டீர்கள். முதலில் மாறிலிகளோடு எழுதிப் பாருங்கள். F(2) − F(−1) = ln 2 + C₁ − C₂. வரையறுத்த தொகையில் மாறிலி நீங்கிவிடும் என்று நாம் கற்பிப்பது, இரு எல்லைகளும் ஒரே பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான் உண்மை. இங்கே C₁ − C₂ எந்த எண்ணாகவும் இருக்கலாம். எனவே நீங்கள் விரும்பும் எந்த எண்ணையும் "விடை"யாகப் பெறலாம். விடை எதுவாகவும் இருக்கலாம் என்று வரும்போது, அப்படி ஒரு தொகை இல்லை என்றுதான் பொருள்.

பரப்புகள் அடித்துக்கொள்வதையும் கையால் சோதிக்கலாம். 0 ஐச் சுற்றி ஒரு சிறு துண்டை வெட்டிவிட்டு, பிறகு அதைச் சுருக்குவோம். இடப்பக்கம் −ε வரை, வலப்பக்கம் ε இலிருந்து என்று சமமாக வெட்டினால், இடத் துண்டு ln ε, வலத் துண்டு ln 2 − ln ε, கூட்டினால் ln 2. இதுவே உங்கள் விடை. இப்போது வலப்பக்கம் மட்டும் 2ε இலிருந்து தொடங்குங்கள். இடத் துண்டு அதே ln ε; வலத் துண்டு ln 2 − ln(2ε), அதாவது −ln ε; கூட்டினால் 0. இரண்டு முறையிலும் வெட்டிய துண்டு சுருங்கி மறைகிறது, ஆனால் ஒன்றில் ln 2 உம் மற்றொன்றில் 0 உம் வருகின்றன. ஒவ்வொரு பக்கமும் தனித்தனியே முடிவிலிக்குப் போவதால்தான் இப்படி நேர்கிறது. சமமாக வெட்டிப் பெறும் ln 2 க்குக் கோஷியின் முதன்மை மதிப்பு என்று பெயர் உண்டு. அது பயனுள்ளதுதான், ஆனால் அது வேறொரு வரையறை, அதை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்ததாகச் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும்.

சோழிங்கநல்லூர்_நிரலாளர்

கணினியிடம் கேட்டால் மட்டுக் குறியே வருவதில்லை என்பதை யாரும் சொல்லவில்லையே. இது சிம்பையில் இப்போது ஓட்டிப் பார்த்தது:

```
>>> from sympy import *
>>> x = symbols('x')
>>> integrate(1/x, x)
log(x)
>>> log(-2)
log(2) + I*pi
```

கலப்பெண்களை ஏற்றுக்கொண்டால் log(x) எதிர்ம எண்களுக்கும் பொருள் உடையது. −5 முதல் −2 வரை தொகையிட்டாலும் iπ இரண்டிலும் வந்து நீங்கி, log 2 − log 5, அதாவது ஏறத்தாழ −0.916 என்று சரியான விடை கிடைக்கிறது. ஆகவே மட்டுக் குறியும் வேண்டாம், இரண்டு மாறிலிகளும் வேண்டாம், பள்ளிப் பிள்ளைகளை இதை நெட்டுருப் போடச் சொல்லவும் வேண்டாம் என்பது என் எண்ணம்.

மாடவீதி_ஆசிரியை

உங்கள் திரையின் கடைசி வரியிலேயே அந்த இரண்டாவது மாறிலி இருக்கிறது. இடப்பக்கத்தில் log(x) என்பது ln|x| + iπ. அந்த iπ என்ன? x ஐச் சாராத ஓர் எண். வலப்பக்கத்தில் 0 ஆக இருந்து, இடப்பக்கத்தில் iπ ஆக இருக்கும் மாறிலி. அதாவது சிம்பை C₁ = 0, C₂ = iπ என்று தேர்ந்தெடுத்திருக்கிறது. வகையிட்டால் அது மறைந்துவிடுவதால் விடை தவறன்று. ஆனால் அதுவே எல்லா விடைகளும் அன்று. மாணவியின் கணக்கை அந்த ஒற்றை C ஐக் கொண்டு தீர்க்கப் பாருங்கள்: வலப்பக்கம் C = 2 என்று கேட்கும், இடப்பக்கம் C = 5 − iπ என்று கேட்கும். பழைய முட்டுச்சந்துதான்.

கலப்பெண் தளத்தில் நிலைமை மாறும் என்பது உண்மை. அங்கே 0 ஒரு புள்ளி மட்டும். அதைச் சுற்றிக்கொண்டு 1 இலிருந்து −1 க்குப் போக வழி உண்டு. ஆனால் மேலே சுற்றிப் போனால் iπ கூடுகிறது, கீழே சுற்றிப் போனால் iπ குறைகிறது. மெய்யெண் கோட்டில் பாலமே இல்லை. கலப்பெண் தளத்திலோ இரண்டு பாலங்கள் இருந்து, ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரத்தைச் சொல்கிறது. ஆய்லர் இதைத்தான் கண்டார்: ஓர் எண்ணுக்கு ஒரே மடக்கை என்று நினைத்ததால்தான் லைப்னிட்சும் பெர்னூலியும் ஒருவரையொருவர் ஏற்க முடியாமல் போயிற்று.

பரங்கிமலை_முதலாண்டு

மிக்க நன்றி அம்மா. இரண்டு முறை படித்த பிறகு தெளிவு வருகிறது. ஓர் ஐயம். இது மடக்கைக்கு மட்டும் உரிய சிக்கலா? 1/x² ஐத் தொகையிட்டால் −1/x + C என்றுதான் எழுதுகிறோம். அங்கே மட்டுக் குறி இல்லை என்பதால் ஒரு மாறிலி போதுமா?

மாடவீதி_ஆசிரியை

நல்ல கேள்வி, மட்டுக் குறியும் இரண்டு மாறிலிகளும் வேறு வேறு செய்திகள் என்பது இங்கேதான் பிரிந்து தெரிகிறது. 1/x² க்கும் இரண்டு மாறிலிகள் வேண்டும். மறந்தால், −1 முதல் 1 வரை தொகையிட்டு −2 என்று எழுதுவோம்; எங்கும் நேர்மமாக இருக்கும் சார்பின் பரப்பு எதிர்மமாக வந்ததும் தவறு கண்ணில் அறையும். 1/x இல் அந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை, ln 2 பார்ப்பதற்கு நல்ல விடை போலவே இருக்கிறது. அதனால்தான் அது அதிக ஆபத்து. tan x ஐ விடையாகத் தரும் sec²x க்கோ, ஒவ்வொரு இடைவெளிக்கும் ஒன்றாக முடிவில்லாத மாறிலிகள் உண்டு.

இதற்கு மாறான ஒன்றையும் பாருங்கள். x^(−2/3) கூட 0 இல் வரையறுக்கப்படவில்லை. அதற்குரிய விடை 3x^(1/3). இது 0 ஐ நெருங்கும்போது இருபுறமிருந்தும் 0 என்ற ஒரே உயரத்திற்கு வருகிறது. எனவே இரு பக்கங்களும் 0 இல் சந்திக்க வேண்டும் என்று நாம் கேட்டால், C₁ = C₂ என்று அந்தச் சந்திப்பே தீர்மானித்துவிடும்; −1 முதல் 1 வரை தொகை 6 என்பதும் உண்மையான விடை. ln|x| இல் இரு பக்கங்களும் கீழே முடிவின்றி இறங்குவதால், ஒட்டவைப்பதற்கு ஒரு புள்ளி கிடைப்பதில்லை. 2 அலகு உயர்த்தினாலும் 5 அலகு உயர்த்தினாலும் இரண்டும் அதே அடியற்ற பள்ளத்தில்தான் இறங்கும்.

வேளச்சேரி_டியூஷன்

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குத் தனிப்பயிற்சி நடத்துபவன் என்ற முறையில் ஓர் எதிர்க்கருத்து. பாடநூல் log|x| + c என்றுதான் எழுதுகிறது, அதைத் தவறு என்று சொல்ல முடியாது. வரையறாத் தொகை என்பதே ஓர் இடைவெளியின் மீது எடுக்கப்படுவது என்று கொண்டால், ஓர் இடைவெளி 0 ஐத் தாண்டாது, எனவே c ஒன்றே போதும். வகைக்கெழுச் சமன்பாட்டிலும் அப்படியே: தொடக்க நிபந்தனை உள்ள இடைவெளியில்தான் தீர்வு பேசப்படும். அந்த மரபின்படி y(1) = 2 ஒரு கணக்கு, y(−1) = 5 வேறொரு கணக்கு. இரண்டையும் ஒரே கணக்காகக் கேட்டது முறையா என்பதே என் ஐயம். அந்த மாணவி "இல்லை" என்று எழுதியதற்கு ஓரளவு மதிப்பெண்ணாவது கொடுத்திருக்கலாம்.

மாடவீதி_ஆசிரியை

அந்த மரபு எனக்கு உடன்பாடானதே. பாடநூலைக் குறை சொல்லவும் மாட்டேன். ஆனால் "ஓர் இடைவெளியின் மீது" என்ற அந்தச் சொற்கள் வகுப்பறையில் சொல்லப்படுவதில்லை. சொல்லப்படாதபோது, ln|x| + c என்ற வரி 0 இன் இருபுறத்தையும் ஒரே மூச்சில் பேசுவதாகவே மாணவர்கள் படிக்கிறார்கள். அந்த மட்டுக் குறியே அப்படிப் படிக்கத் தூண்டுகிறது. மதிப்பெண்ணைப் பொறுத்தவரை, "எந்தச் சார்பும் இல்லை" என்பது உங்கள் மரபின்படியும் சரியான விடை ஆகாது. "இவை இரண்டு தனிக் கணக்குகள்" என்று எழுதியிருந்தால் நான் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

வேளச்சேரி_டியூஷன்

அதில் உங்களோடு முழுமையாக ஒத்துப்போக இயலவில்லை. கேள்வித்தாள் "y" என்று ஒரே பெயரைக் கொடுத்தபோது, அது ஒரே இடைவெளியில் உள்ள ஒரே தீர்வு என்று மாணவி எடுத்துக்கொண்டதில் நியாயம் இருக்கிறது. சார்பகத்தைக் கேள்வியிலேயே எழுதியிருக்க வேண்டும்.

பரங்கிமலை_முதலாண்டு

கேள்வித்தாளை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். கணக்கின் முடிவில் சிறிய எழுத்தில் "x ≠ 0" என்று அச்சிடப்பட்டிருக்கிறது. தேர்வன்று நான் அதைக் கவனிக்கவில்லை. விடையைத் திருத்தி எழுதிவிட்டேன்: x > 0 எனில் y = ln x + 2, x < 0 எனில் y = ln(−x) + 5; y(e) = 3, y(−e) = 6. வரைபடமும் வரைந்தேன். இடப்பக்க வளைவு வலப்பக்கத்தின் பிம்பத்தைவிட எல்லா இடத்திலும் சரியாக 3 அலகு உயரத்தில் நிற்கிறது, சாய்வு மட்டும் மாறவே இல்லை.

கிண்டி_இயந்திரவியல்

"x ≠ 0" என்பது சார்பகத்தைத் தந்துவிட்டதாகுமா, அல்லது 1/x க்குப் பொருள் இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறதா? வேளச்சேரி நண்பர் இதற்கு என்ன சொல்வார் என்று அறிய விரும்புகிறேன்.